கட்டியவரை ஏமாற்றினால் ஜெயிலா? 497 போனது சரியா, தப்பா?

மாறன், திருச்சி

நேற்று ஒரு வளைகாப்பு வீட்டில் பந்தி முடிந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது வாக்குவாதம் பெரிதாகிவிட்டது. பேப்பரில் தினம் ஒரு கள்ளக்காதல் கொலை வருகிறது, எல்லாம் 2018-ல் சுப்ரீம் கோர்ட், கள்ளத்தொடர்பைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-வது பிரிவை எடுத்ததில் இருந்துதான் என்று ஒரு பெரியவர் சொன்னார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். என்னால் மறுக்கவும் முடியவில்லை, ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை.

இருநூறு ரூபாய் திருடினால் குற்றம். தாலி கட்டி, ஊரைக் கூட்டிச் சொன்ன வாக்கை உடைத்து ஒரு குடும்பத்தையே நாசம் செய்தால் குற்றம் இல்லையா? ஆணுக்கு மட்டும் தண்டனை என்பது தவறு என்றால் இரண்டு பேருக்கும் சமமாக வைத்துவிட்டுப் போகலாமே. 2023 நவம்பரில் நாடாளுமன்றக் குழுவும் அதைத்தான் பரிந்துரைத்தது, அரசு ஏற்கவில்லை. ஏன்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெற்றிவேல்

பெரியவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. 1860-ல் இருந்து 158 வருஷம் குடும்பங்களைக் காப்பாற்றிய சட்டம் அது. ஒழுக்கம் கெட்டால் தண்டனை உண்டு என்ற பயம் இருந்தது. இப்போது கோர்ட்டே அது அவரவர் விருப்பம் என்று சொல்லிவிட்டது. இனி விவாகரத்துக்குக்கூட அதைக் காரணமாகக் காட்ட முடியாது. சட்டம் ஒழுக்கத்தைக் கைகழுவினால் நாடு எங்கே போகும்?

கோர்ட்டு வாசல்

மாவட்டக் கோர்ட்டில் 26 வருஷமாக கிரிமினல் பக்கம் இருக்கிறேன், 497 வழக்குகளை நேரில் நடத்தியிருக்கிறேன். வெற்றிவேல் சார், முதலில் ஒன்றைச் சரி செய்துவிடுகிறேன். விவாகரத்துக்கு அது இன்றும் காரணம்தான். இந்து திருமணச் சட்டத்தில் 1976 திருத்தத்துக்குப் பிறகு ஒரே ஒரு முறை நடந்தது என்று நிரூபித்தாலே போதும். ஜெயில் மட்டும்தான் போனது.

இனி அந்தச் சட்டம் ஒழுக்கத்தைக் காத்ததா என்று பார்ப்போம். ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். ராசு என்று ஒருவர், கல்யாணம் ஆனவர். அவர் எதிர்வீட்டில் இருக்கும் கல்யாணம் ஆகாத பெண்ணிடம் போகிறார். 497-ல் குற்றம் இல்லை. பக்கத்துத் தெருவில் கணவனை இழந்த ஒரு பெண்ணிடம் போகிறார். அப்போதும் குற்றம் இல்லை. பாலியல் தொழில் நடக்கும் இடத்துக்குப் போகிறார், இந்தப் பிரிவு அவரைத் தொடாது. அடுத்த வீட்டு மணியின் மனைவியிடம் போனால் மட்டும்தான் ஐந்து வருஷம் வரை உள்ளே போகலாம். அதிலும் மணி சம்மதித்திருந்தாலோ, தெரிந்தே கண்டும் காணாமல் இருந்தாலோ குற்றம் போய்விடும். செயல் அதேதான், ஆட்கள் அதே ஆட்கள்தான். மணி என்ன நினைத்தார் என்பதை வைத்து அது குற்றமாகிறது, அல்லது ஆகாமல் போகிறது. இப்போது சொல்லுங்கள், அந்தப் பிரிவு எதைக் காத்தது? என் தோட்டத்தில் அனுமதி கேட்காமல் இறங்காதே என்று வேலி போடுவதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இன்னொன்று. ராசுவின் மனைவி புகார் கொடுக்கவே முடியாது. குற்ற நடைமுறைச் சட்டம் 198(2)-ன்படி பாதிக்கப்பட்டவர் என்றால் மணி ஒருவர்தான். ராசுவின் மனைவிக்கு நடந்தது சட்டத்தின் கண்ணில் விழவே இல்லை.

தேன்மொழி

கோர்ட்டு வாசல் அண்ணா சொன்னதை நான் சின்ன வயதிலேயே பார்த்துவிட்டேன். 1996. எனக்குப் பதினொரு வயது. அப்பா வேறொரு வீட்டில் குடியிருக்க ஆரம்பித்து எட்டு மாதம். அந்த அம்மா கணவரை இழந்தவர். என் அம்மா மஞ்சப்பையில் கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு, ஒரு போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு மகளிர் காவல் நிலையத்துக்குப் போனார். அங்கிருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், எனக்குத் தண்ணீர் கொடுத்தார். எல்லாம் கேட்டுவிட்டு, "அந்தப் பொம்பளைக்குப் புருஷன் இருக்கானா?" என்றார். இல்லை என்றார் அம்மா. "அப்ப கேஸ் இல்லைம்மா. இருந்திருந்தாலும் அவன்தான் வந்து குடுக்கணும், நீ குடுக்க முடியாது" என்றார். அம்மா அந்தப் பையின் காதைச் சுற்றிச் சுற்றி முறுக்கிக்கொண்டே இருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

கடைசியில் ஜீவனாம்சம் போட்டோம். குற்ற நடைமுறைச் சட்டம் 125-வது பிரிவில் அப்போது மாதம் 500 ரூபாய்தான் உச்சவரம்பு. 2001-ல்தான் அந்த வரம்பை எடுத்தார்கள். அந்த 500-ஐ வாங்கவும் எத்தனையோ வாய்தா அலைந்தோம்.

158 வருஷம் குடும்பங்களைக் காப்பாற்றிய சட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள் வெற்றிவேல். எங்கள் குடும்பம் அந்தக் கணக்கில் இல்லை.

வெற்றிவேல்

தங்கச்சி, உங்கள் அம்மாவுக்கு நடந்தது அநியாயம். அதை நான் நியாயப்படுத்தவில்லை. இந்தச் சட்டம் இப்படி இருந்தது என்று எனக்கு உண்மையாகவே தெரியாது, ஒழுக்கக்கேடான எல்லா உறவுக்கும் தண்டனை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் நீங்கள் சொல்வதெல்லாம் சட்டம் அரைகுறையாக இருந்தது என்பதற்குத்தான் ஆதாரம். அரைகுறையை முழுசாக்கியிருக்க வேண்டும். தூக்கிப் போட்டது ஏன்?

கோர்ட்டு வாசல்

நியாயமான கேள்வி. முழுசாக்கலாம் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். 1971-ல் சட்ட ஆணையம் தன் 42-வது அறிக்கையில் மனைவிக்கும் தண்டனை வைக்கலாம், ஐந்து வருஷத்தை இரண்டாகக் குறைக்கலாம் என்றது. அந்தக் குழுவில் இருந்த அன்னா சாண்டி, இந்தியாவின் முதல் பெண் உயர்நீதிமன்ற நீதிபதி, இதைக் குற்றமாக வைத்திருப்பதே இன்றைக்குப் பொருந்துமா என்று யோசிக்க வேண்டிய நேரம் இது என்று மாற்றுக் கருத்து எழுதினார். யாரும் அசையவில்லை. 1954-லும் 1985-லும் சுப்ரீம் கோர்ட்டே இந்தப் பிரிவு செல்லும் என்றது. 1985 தீர்ப்பை எழுதியவர் ஒய்.வி. சந்திரசூட். 2018-ல் அந்தத் தீர்ப்பைக் கவிழ்த்த ஐந்து பேரில் அவருடைய மகனும் ஒருவர்.

அந்தப் பிரிவு தொடங்கிய கதையும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். மெக்காலே 1837-ல் எழுதிய வரைவில் இந்தக் குற்றமே இல்லை. பின்னால் வந்த ஆணையம்தான் சேர்த்தது. சேர்க்கும்போது, இந்த நாட்டில் பெண்களின் நிலை இப்படி இருக்கிறது, குழந்தையாக இருக்கும்போதே கட்டிக்கொடுத்துவிடுகிறார்கள், கணவன் இன்னும் பலரைக் கட்டிக்கொள்கிறான், அதனால் பெண்ணைத் தண்டிக்க வேண்டாம் என்று விட்டார்கள். இரக்கப்பட்டு விட்டது, போகப்போக அவளுக்கு வாயே இல்லாமல் ஆக்கிவிட்டது.

எப்படி என்று நான் நடத்திய ஒரு வழக்கை வைத்துச் சொல்கிறேன், ஆட்களின் அடையாளத்தை மாற்றியிருக்கிறேன். போலீஸ் தானாகப் பதிய முடியாத குற்றமாக இருந்தது இது. அதனால் கணவர் நேராக மாஜிஸ்திரேட்டிடம் தனிப்புகார் கொடுத்தார். சத்தியப்பிரமாண வாக்குமூலம் எடுத்து எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, சம்மன் போனது. எதிரி ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதுபவர், நான் அவருக்கு ஆஜர். கணவர் நாலு விஷயம் நிரூபிக்க வேண்டும்: இவள் என் மனைவி, இவருக்கு அது தெரியும், உறவு நடந்தது, நான் சம்மதிக்கவில்லை. மூன்றாவதற்கு நேரடி சாட்சி எப்போதும் கிடைக்காது. அதனால் லாட்ஜ் ரிஜிஸ்டர், லாட்ஜ் மேனேஜர், பக்கத்து வீட்டுக்காரர் என்று சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். எந்த இரவு, எத்தனை மணி, விளக்கு எரிந்ததா, சேலை என்ன நிறம் என்று கேள்விகள் போயின. அத்தனையும் அந்தப் பெண்ணைப் பற்றித்தான். ஆனால் அவள் அந்த வழக்கில் கட்சிக்காரியே இல்லை. எதிரியும் இல்லை, புகார்தாரரும் இல்லை. தன் தரப்பைச் சொல்ல அவளுக்கு ஒரு வக்கீல் வைக்கக்கூட வழி இல்லை. 1985-ல் இதைத்தான் ஒருவர் சுப்ரீம் கோர்ட்டில் வாதாடினார், அதனால் மட்டும் பிரிவு செல்லாததாகிவிடாது என்று தள்ளிவிட்டார்கள்.

மூன்று வருஷம் இழுத்தது. ஒரு நாள் கோர்ட்டு மரத்தடியில் இரண்டு தரப்பு உறவினர்களும் பேசி ஒரு தொகை முடிவாகி, கணவர் சமரசமாகப் போகிறேன் என்று மெமோ கொடுத்தார். வழக்கு முடிந்தது. இந்தக் குற்றத்தைக் கணவர் நினைத்தால் கோர்ட்டு அனுமதிகூடக் கேட்காமல் சமரசம் செய்துகொள்ள முடிந்தது. பணம் யாருக்குப் போனது, யார் மானம் போனது என்று பாருங்கள். நான் பார்த்த 497 வழக்குகள் பெரும்பாலும் இப்படித்தான் முடிந்தன, அல்லது விவாகரத்துப் பேரத்தில் துருப்புச்சீட்டாகப் பயன்பட்டன. தண்டனை வாங்கி உள்ளே போன ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

கொலைகளைப் பற்றி: 497 உயிரோடு இருந்த காலத்திலும் அதே கொலைகள் நடந்தன, நானே அப்போது செஷன்ஸ் கோர்ட்டில் இருந்திருக்கிறேன். கொலைக்குத் துணிகிறவன் ஐந்து வருஷத் தண்டனையை எண்ணிப் பார்ப்பதில்லை.

தனியாள்_82

மன்னிக்கவும், நடுவில் வருகிறேன். என் மனைவி 2022 ஆனியில் வீட்டை விட்டுப் போனார். அந்த ஆளோடு பக்கத்து டவுனில் குடியிருக்கிறார், குழந்தை என்னிடம் இருக்கிறது. ஸ்டேஷனில் சிஎஸ்ஆர் என்ற புகார் ரசீது போட்டுக் கொடுத்தார்கள், அப்புறம் ஒன்றும் இல்லை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதுச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 84-வது பிரிவு இருக்கிறது, திருமணமான பெண்ணை அழைத்துப் போனால் இரண்டு வருஷம் என்று படித்தேன். அதில் கேஸ் போட முடியுமா? இப்போது ஜீவனாம்சமும் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. எனக்கு ராத்திரி தூக்கம் இல்லை.

கோர்ட்டு வாசல்

தம்பி, பதற வேண்டாம். 84 என்பது பழைய தண்டனைச் சட்டத்தின் 498-தான். 2018-ல் அதைத் தொடவில்லை, புதுச் சட்டத்திலும் அப்படியே எடுத்து வைத்துவிட்டார்கள். ஆனால் புதுச் சட்டம் 2024 ஜூலை 1 முதல்தான், நீங்கள் சொல்வது 2022. எப்படிப் பார்த்தாலும் அந்த ஆள் ஆசைகாட்டி அழைத்துப் போனார் அல்லது மறைத்து வைத்திருக்கிறார் என்று காட்ட வேண்டும். உங்கள் மனைவி "நானாகத்தான் வந்தேன்" என்று ஒரு வரி சொன்னால் அந்த வழக்கு நிற்பது கஷ்டம். அதில் காசையும் காலத்தையும் விடாதீர்கள்.

உங்களுக்குக் கையில் இருப்பது சிவில் பக்கம். விவாகரத்து மனுவில் இதைக் காரணமாகப் போடலாம், அந்த ஆளின் பெயரையும் சேர்க்க வேண்டியிருக்கும். ஜீவனாம்சத்துக்குப் பதில் போடும்போது, மனைவி வேறொருவரோடு தொடர்ந்து வாழ்கிறார் என்பதைக் காட்டினால் அவர் கேட்கும் உரிமை போகும். எப்போதோ ஒரு தடவை தவறினார் என்பது இதற்குப் போதாது, தொடர்ந்து வாழ வேண்டும். வாடகை ஒப்பந்தம், கேஸ் இணைப்பு, ரேஷன் கார்டில் முகவரி மாற்றம், இதெல்லாம் உதவும். குழந்தையின் பொறுப்புக்குத் தனியாக மனு போடுங்கள், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நீலாவதி

கல்லூரியில் அரசியல் தத்துவம் நடத்தி ஓய்வு பெற்றவள். வெற்றிவேல் கேட்டது பழைய, கனமான கேள்வி. 1957-ல் இங்கிலாந்தில் வுல்ஃபென்டன் குழு, வயது வந்த இரண்டு ஆண்கள் தனிமையில் மனமொத்து நடந்துகொள்வதைக் குற்றமாக வைத்திருக்கக் கூடாது என்றது. தனிப்பட்ட ஒழுக்கத்தில் சட்டத்துக்கு வேலையில்லாத ஒரு பகுதி இருக்கிறது என்பது அவர்கள் வாதம். அதற்கு 1959-ல் டெவ்லின் என்ற நீதிபதி பதில் சொன்னார். ஒரு சமூகத்தைச் சேர்த்துக் கட்டியிருப்பது பொதுவான ஒழுக்கம்தான், அந்தக் கட்டு அவிழ்ந்தால் சமூகமே சிதறும், அதனால் தேசத்துரோகத்தைத் தண்டிப்பதுபோல் ஒழுக்கக்கேட்டையும் தண்டிக்க உரிமை உண்டு என்றார். பேருந்தில் போகிற சாதாரண மனிதனுக்கு ஒரு செயல் பொறுக்கவே முடியாத அருவருப்பைத் தந்தால் அதுவே அளவுகோல் என்றார். வெற்றிவேல் சொல்வது கிட்டத்தட்ட இதுதான்.

அதற்கு ஹார்ட் என்ற சட்டத் தத்துவ அறிஞர் கேட்ட கேள்வி சுருக்கமானது. சிதறும் என்கிறீர்களே, எங்கே சிதறியது, காட்டுங்கள். ஒழுக்கம் மாறுவதும் சமூகம் அழிவதும் ஒன்றில்லை. நம் ஊரிலேயே கைம்பெண் மறுமணம் ஒரு காலத்தில் ஊரே அருவருத்த விஷயம்.

ஆனால் நான் இங்கே ஹார்ட் பக்கம் முழுசாகச் சாய மாட்டேன். வுல்ஃபென்டன் பேசியதில் பாதிக்கப்பட்டவர் என்று ஒருவர் இல்லை. இதில் இருக்கிறார். தேன்மொழியின் அம்மா இருக்கிறார், மேலே எழுதிய அந்தத் தம்பி இருக்கிறார். "யாருக்கும் கெடுதல் இல்லை, விடுங்கள்" என்று இதில் சொல்லவே முடியாது. கெடுதல் உண்டு, ஆழமாக உண்டு. அதனால் இதை ஒழுக்கமா சுதந்திரமா என்று பிரித்துப் பேசினால் பாதையே தப்பிவிடும். ஒருவர் இன்னொருவருக்குச் செய்த துரோகம், எந்தக் கட்டத்தில் அரசு தன் செலவில், தன் பெயரில் வழக்கு நடத்தித் தண்டிக்க வேண்டிய குற்றமாகிறது? கேள்வி அதுதான். 2018 அமர்வில் நீதிபதி இந்து மல்ஹோத்ரா இதைத்தான் தொட்டார். இது துணைக்கும் குடும்பத்துக்கும் செய்யும் ஒழுக்கத் தவறு என்பதை அவர் மறுக்கவில்லை. சமூகம் முழுவதற்கும் எதிரான குற்றமாகுமா என்று கேட்டு, ஆகாது என்றார். வெற்றிவேல் பயப்படுவதுபோல் கோர்ட் அதை நல்லது என்று எங்கும் சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற ஹவில்தார்

22 வருஷம் பட்டாளத்தில் இருந்தவன். நீலாவதி அம்மா சொன்னது புரிகிறது, ஆனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நாங்கள் எட்டு மாதம், பத்து மாதம் எல்லையில் இருப்போம். குடும்பம் குவார்ட்டர்ஸில் இருக்கும். உடன் வேலை பார்ப்பவன் அந்த நேரத்தில் வீட்டுப் பக்கம் வந்தால்? பனியில் நிற்கிறவன் எதை நம்பி நிற்பான்? 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே சொன்னது, 497 போனாலும் முப்படைகளில் இதற்கு எடுக்கும் நடவடிக்கை போகாது என்று. ராணுவத்துக்கு இது கட்டுக்கோப்பைக் கெடுக்கும் விஷயம் என்றால் ஊருக்குக் கெடுக்காதா? வெளிநாட்டில் கொத்து வேலைக்குப் போனவன் வீடு எந்த விதத்தில் வேறு?

நீலாவதி

ஹவில்தார் ஐயா, உங்கள் கேள்வி என்னைக் கொஞ்சம் நிறுத்தத்தான் வைக்கிறது. ராணுவத்தில் தண்டிப்பது படையின் நம்பிக்கைக்காக. அங்கே வேலை நிறுத்தமும் செய்ய முடியாது, பத்திரிகையிலும் எழுத முடியாது. அந்த அளவுகோலை ஊருக்கு வைத்தால் மற்றதையும் சேர்த்துத்தான் வைக்க வேண்டியிருக்கும். ஆனால் வெளிநாட்டுக்குப் போனவரின் வீடு என்றீர்களே, அந்த வலி வேறில்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மாறன், திருச்சி

அப்படியானால் சமமாக வைப்பதில் என்ன கெட்டுவிடும்? கணவனும் புகார் கொடுக்கலாம், மனைவியும் கொடுக்கலாம். அதை இன்னும் யாரும் நேராகச் சொல்லவில்லை.

கோர்ட்டு வாசல்

காகிதத்தில் சமமாகத்தான் இருக்கும். கோர்ட்டில் எப்படி நடக்கும் என்று நினைக்கிறேன், சொல்கிறேன். வழக்கு நடத்த பணமும் காலமும் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் முதலில் வருவார். ஜீவனாம்சம் கேட்டு மனைவி வந்த மறுவாரம், அவள்மேல் ஒரு தனிப்புகார் தயாராக இருக்கும். முன்பு லாட்ஜ் ரிஜிஸ்டர், இனி போன். 2025 ஜூலையில், கணவன் மனைவி தங்களுக்குள் ரகசியமாகப் பதிவு செய்த பேச்சைத் திருமண வழக்கில் சாட்சியாக எடுக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. அது சிவில் வழக்கு. அதே பதிவை வைத்து ஜெயிலுக்கும் அனுப்பலாம் என்றால் ஒவ்வொரு வீட்டிலும் தலையணைக்கு அடியில் ரெக்கார்டர் ஓடும். பழைய சட்டத்தில் பெண் சாட்சிக்கூண்டுக்கு வெளியே அவமானப்பட்டாள். சமச் சட்டத்தில் எதிரிக்கூண்டில் நிற்பாள்.

இது என் அனுபவத்தில் இருந்து சொல்வது. மனைவிகளும் கணவனை உள்ளே வைக்கப் பயன்படுத்துவார்கள் என்று என் ஜூனியர் ஒருத்தர் வாதிடுகிறார், அதுவும் நடக்கலாம்.

வெற்றிவேல்

உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். 497 அப்படியே திரும்ப வர வேண்டும் என்று இனி சொல்ல மாட்டேன். ஆனால் துரோகம் செய்தவர் ஒன்றுமே நடக்காததுபோல் மறுநாள் டீக்கடையில் உட்கார்ந்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஜெயில் இல்லை என்றால் பதிலுக்கு ஏதாவது ஒன்று இருக்க வேண்டும்.

தேன்மொழி

நேற்று இரவு அம்மாவுக்குப் போன் போட்டு இதையெல்லாம் சொன்னேன். அப்பாவை அன்றைக்கு உள்ளே போட முடிந்திருந்தால் போட்டிருப்பாயா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "போட்டிருப்பேன்டி, அன்னைக்கு இருந்த ஆத்திரத்துல கண்டிப்பா போட்டிருப்பேன்" என்றார். அப்புறம், "ஆனா அவர் உள்ள போயிருந்தா வேலை போயிருக்கும், அந்த ஐநூறும் வந்திருக்காது. எனக்கு அந்த வீட்டுல பாதி எழுதி வாங்கித் தந்திருந்தா போதும்" என்றார்.

எனக்கு எந்தப் பக்கம் என்று இன்னும் தெரியவில்லை. அந்த ஆத்திரமும் உண்மைதானே.

ஓய்வுபெற்ற ஹவில்தார்

தேன்மொழியின் அம்மா முதலில் சொன்னதைத்தான் நான் எடுத்துக்கொள்வேன். என் கருத்து மாறவில்லை.

தனியாள்_82

கோர்ட்டு வாசல் சார், அவர்கள் இருக்கும் வீட்டு ஓனர் வாடகை ஒப்பந்தத்தின் நகல் தர மாட்டேன் என்கிறார். கோர்ட்டு மூலமாக வரவழைக்க முடியுமா? வாய்தா வருகிற வியாழக்கிழமை.

கோர்ட்டு வாசல்

முடியும். ஆவணத்தோடு வரச் சொல்லி ஓனருக்குச் சம்மன் அனுப்பக் கேட்டு உங்கள் வக்கீல் மனு போடலாம். அதற்கு முன் பதிலுரையில் முகவரியையும் எந்தத் தேதியில் இருந்து குடியிருக்கிறார்கள் என்பதையும் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். வியாழக்கிழமை பதிலுரைக்கு அவகாசம் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். குழந்தையின் பள்ளிச் சான்றிதழையும் கையோடு எடுத்துப் போங்கள்.